காலியாகும் மெஷின்கள்

நிர்வாகக் கூட்டம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. வியாழக்கிழமை மதியமே அவளுடைய அறிக்கை முடிந்துவிட்டது.

மூச்சுத் திணறுகிறவர்களின் வீடுகளுக்கு ஆக்சிஜன் மெஷின் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனி அது. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் முழங்கால் உயரப் பெட்டி. நாலாயிரம் பெட்டிகள் நாலாயிரம் வீடுகளில் முனகிக்கொண்டிருந்தன. மாத வாடகை இரண்டாயிரம். அதை எவ்வளவு ஏற்றலாம் என்பது, விலைப் பிரிவில் சேர்ந்த எட்டு மாதத்தில் அவளிடம் வந்த முதல் பெரிய வேலை.

மூன்று வழிகள் போட்டிருந்தாள். ஐந்து சதவீதம், பன்னிரண்டு, இருபது. ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் விலகுவார்கள், மிச்சம் எவ்வளவு வரும். இரண்டு வருடத்துக்கு முன்பு வாடகையைப் பன்னிரண்டு சதவீதம் ஏற்றியபோது, மூன்று மாதத்தில் நூற்றிருபது பேர் 'வாடகை அதிகம்' என்று மெஷினைத் திருப்பியிருந்தார்கள். மூன்று சதவீதம். அதை வைத்துப் பார்த்தால் நடு வழிதான் பத்திரமானது: இப்போது எண்பது லட்சமாக இருக்கும் மாத வருமானம் ஏறக்குறைய எண்பத்தேழு ஆகும். அதையே பரிந்துரைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு சின்னச் சந்தேகத்துக்காகக் கிடங்குக்கு இறங்கினாள். மெஷின்களைப் போய் எடுத்துவரும் வண்டிக்காரர், திரும்பி வந்த ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மெஷின் எடுக்கும்போது போன்ல காரணம் அடிப்பீங்கல்ல, அதை அவங்ககிட்டக் கேட்டுத்தானே அடிப்பீங்க?"

"மாடியிலேருந்து இறங்கி வந்து கேக்கற கேள்வியா இது? உக்காரும்மா." அவர் ஒரு அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளினார். "நாலு பட்டன் இருக்கும். மொதல்ல இருக்கறது 'தேவையில்லை'. அதைத்தான் அமுக்குவேன்."

"எல்லாத்துக்குமா?"

"வாடகை ஜாஸ்தின்னு வாய்விட்டுச் சண்டை போடறவங்களுக்கு அந்தப் பட்டன். மத்தவங்க பேசவே மாட்டாங்க. கதவைத் தொறந்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க. சில வீட்டுல கட்டில்ல ஆளு படுத்திருப்பாரு, நான் குழாயைக் கழட்டறதையே பாத்துட்டு. அவருகிட்டப் போயி 'ஏன் சார் வேணாங்கறீங்க'ன்னு கேக்கச் சொல்றியா?"

கிடங்கில், சோதனைக்குக் காத்திருந்த நாற்பது ஐம்பது மெஷின்கள் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றன. ஒன்றுகூட ஓடவில்லை. ஆனாலும் அவளுக்கு அந்த முனகல் கேட்டது.

'தேவையில்லை' என்று வந்த பெயர்களை அவள் கணக்கிலேயே சேர்த்திருக்கவில்லை. குணமானவர்கள், இறந்தவர்கள்; விலைக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கியிருந்தாள். மாடிக்குப் போய்ப் பட்டியலை மறுபடி திறந்தாள். சாதாரணமாக மூன்று மாதத்துக்கு நூற்றைம்பது 'தேவையில்லை' வரும். வாடகை ஏறிய அந்த மூன்று மாதத்தில் நானூற்று எழுபது.

கூடுதலாக முந்நூற்றிருபது பேர். ஏற்கெனவே எண்ணிய நூற்றிருபதோடு சேர்த்தால் நானூற்று நாற்பது. மூன்று சதவீதமல்ல, பதினொன்று.

சனிக்கிழமை அந்தப் பட்டியலிலிருந்து கண்ணை மூடி விரலை வைத்த இடத்திலெல்லாம் போன் செய்தாள். இருபது பேர் எடுத்தார்கள். நாலு பேருக்குக் குணமாகியிருந்தது. ஏழு வீட்டில் மெஷினைத் திரும்ப வாங்கியிருந்தார்கள். ஒன்பது வீட்டில் ஆள் இல்லை. மெஷின் போனதால்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தேதியை மட்டும் சொன்னார்கள், அவள் எழுதிக்கொண்டாள்.

திரும்ப வாங்கிய ஒரு அம்மா நிதானமாகப் பேசினாள். "கட்ட முடியலம்மா, குடுத்துட்டோம். அப்புறம் அவரு முகமே நீலமாப் போச்சு. மறுபடி கேட்டா உங்க ஆபீஸ்ல பேரை எழுதி வச்சுட்டுப் போகச் சொன்னாங்க. நாலு மாசம். அதுவரைக்கும் மச்சினர் வீட்டு மெஷின்லதான் பகல்ல கொஞ்ச நேரம்." பின்னால் மெஷின் முனகுவது கேட்டது. "எதுக்கும்மா இதெல்லாம் கேக்கறே? மறுபடி ஏத்தப் போறீங்களா?"

"இல்லம்மா" என்றாள் அவள். வாயில் தானாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அட்டவணையை மாற்றினாள். பதினொரு சதவீதம் பேர் போனால் நடு வழியில் வருமானம் எண்பதுக்குக் கீழே இறங்கியது. இருபது சதவீதம் ஏற்றினால், அவளுடைய மதிப்பீட்டில் ஐந்தில் ஒருவர் போவார். வருமானம் எழுபத்தேழைக்கூடத் தொடாது. எண்கள் தன் பக்கம் இருப்பதைப் பார்த்து அவளுக்கு மூச்சு வந்தது. பழைய வாடிக்கையாளர்களுக்குப் பழைய வாடகை, புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் புது வாடகை என்று நாலாவது வழி ஒன்றையும் சேர்த்து, அதையே பரிந்துரைத்தாள்.

கூட்டத்தில் மூன்று பேர். கம்பெனியின் தலைவர். கணக்குப் பிரிவின் தலைவர். அலுவலகத்தில் அவருக்குத் தசமப்புள்ளி என்று பெயர். அப்புறம் அவள்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டன், நானூற்று எழுபது, பதினொன்று. தலைவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "ரொம்ப நேர்மையான வேலை" என்றார். "தப்பு நம்மளோடதுதான். கண்டுபிடிச்சே பாரு."

"நன்றி சார்."

"ஒண்ணே ஒண்ணு. திரும்பி வர்ற மெஷின் எங்க போகுது?"

"கிடங்குக்கு சார். துடைச்சு, சோதிச்சு..."

"அதைக் கேக்கல. காத்திருக்கற லிஸ்ட்ல இப்ப எத்தனை பேரு?"

தசமப்புள்ளி காகிதத்தைப் பார்க்காமலே சொன்னார். "அறுநூறு. எந்த விலைன்னாலும் எடுக்கறவங்க."

அவளுடைய அட்டவணையில் போனவர்களின் மெஷின் சும்மா நின்றது. அந்த இடத்தில் இன்னொருவரை அவள் உட்கார வைத்துப் பார்க்கவே இல்லை.

தசமப்புள்ளியின் விரல் கால்குலேட்டரில் ஓடியது. "பன்னிரண்டுல போறவங்க இடம் முழுசா நிரம்பிடும். எண்பத்தொன்பது புள்ளி ஆறு. இருபதுல எண்ணூறு போவாங்க, அறுநூறு உள்ள வரும். தொண்ணூத்தொண்ணு புள்ளி ரெண்டு."

"நாலாவது வழி?"

"மூணு மாசம் கழிச்சு எண்பது புள்ளி மூணு ஆறு, சார்."

"பொண்ணு நல்ல மனசோட போட்டிருக்கு" என்றார் தலைவர். பேனாவின் மூடியைக் கழற்றினார். "நீ முதல்ல மூணு சதவீதம்னு கொண்டுவந்திருந்தா பன்னிரண்டுக்கு ஒத்துக்கிட்டிருப்பேன். எத்தனை பேர் போனாலும் இடம் நிரம்பும்னு இப்பதான் தெரியுது, இருபது தாங்கும்."

"சார், அவங்க கோவிச்சுக்கிட்டுப் போறவங்க இல்ல. நான் இருபது வீட்டுக்குப் பேசினேன். ஏழு பேர் திரும்ப வாங்கியிருக்காங்க, அதுவும் மாசக்கணக்கா காத்திருந்து."

"மூணுல ஒண்ணு." அவர் எழுதிக்கொண்டார். "அப்ப லிஸ்ட் தீராது. நல்லது. மத்தவங்க?"

"நாலு பேருக்குக் குணமாயிடுச்சு. ஒன்பது பேர் இல்லை சார்."

"இல்லைன்னா?"

"உயிரோட இல்லை."

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுத்தார்கள். தசமப்புள்ளி கால்குலேட்டரை அணைத்தார். தலைவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவர் முகத்தில் கோபமோ வெட்கமோ இல்லை; மழை வருமா என்று பார்ப்பவர் மாதிரி இருந்தார்.

"வயசானவங்க" என்றார். "மெஷினோட இருந்தும் போறவங்க உண்டு. வருத்தமாத்தான் இருக்கு." பக்கத்தைத் திருப்பினார். "அதைத் தனி வரியாப் போடு. எத்தனை மெஷின் நிரந்தரமாக் காலியாகும்னு தெரிஞ்சாத்தான், புதுசா எத்தனை வாங்க வேண்டாம்னு முடிவு பண்ண முடியும்."

அவள் விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். எடுக்கவில்லை. அட்டவணையில் ஒரு வரி விலகி இடம் கொடுத்தது.

"வெள்ளிக்கிழமை கடிதம் போகட்டும்" என்று தலைவர் எழுந்தார். "கடிதத்துக்குக் கீழ, பேசறதுக்கு ஒரு நம்பர் வேணும். இருபது வீட்டுக்குப் பேசியிருக்கே, ஒருத்தர்கூட போனை வைக்கல. உன் நம்பரையே போட்டுடும்மா."

கதவருகில் நின்று திரும்பினார்.

"நாலாயிரமும் ஒரே நாள்ல போகணும். ஒருத்தர் சொல்லி ஒருத்தருக்குத் தெரியக் கூடாது."