இரண்டாவது வரிசை

மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்தால், விடைத்தாள் திருத்தும் முகாமில் எல்லார் பேனாவும் கொஞ்சம் கண்ணசரும். அன்றைக்கு அப்படியில்லை. மறுநாளிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறை. சாயங்காலத்துக்குள் கட்டுகளை ஒப்படைத்துவிட்டால் அவரவர் ஊர் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். கோயம்புத்தூரின் அந்தக் கல்லூரி அரங்கில் தாள் புரளும் சத்தம், மழை பிடித்த மாதிரி ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

முன்வரிசை மேசையில் ஷைலா உட்கார்ந்திருந்தாள். பெருந்துறைப் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் கணக்குப் பேராசிரியை. கணிதத் தாளுக்கு இந்த முறை அவள்தான் தலைமைத் தேர்வாளர். முதல் நாள் விடைக்குறிப்பை முடிவு செய்வது அவள் வேலை. மற்றவர்கள் சிவப்பு மையில் திருத்தியதில் சிலதை எடுத்துப் பார்த்து, பச்சை மையில் கையெழுத்துப் போடுவதும் அவள் வேலை. இந்தப் பொறுப்பு அவளுக்கு இதுதான் முதல் தடவை.

அது சென்னியப்பனுக்கு வர வேண்டியது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். வெள்ளகோவில்காரர். அவளைவிடப் பதினைந்து வருஷம் மூத்தவர். முகாம் அலுவலர் ரங்கராஜ், வேதியியல் பேராசிரியர், என்னவோ யோசித்து ஷைலா பெயரை எழுதிவிட்டார். சென்னியப்பன் சண்டைக்கு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளை "தலைமை அம்மணி" என்றுதான் கூப்பிடுகிறார்.

அவர்தான் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க தலைமை அம்மணி, இந்தப் பையன் பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கறான். விடை என்னமோ நம்ம குறிப்புல இருக்கறது இல்லீங்க. சைபர் போட்டு உட்டர்லாமுங்களா?"

கேள்வி இரண்டு பகுதி. முதல் பகுதியில் |x−2|/(x−2). x இரண்டை நெருங்கும்போது எல்லை மதிப்பு, அதாவது லிமிட், உண்டா என்று கேட்டிருந்தார்கள். அது சுலபம். வலப்பக்கமிருந்து வந்தால் மதிப்பு எப்போதும் 1. இடப்பக்கமிருந்து வந்தால் எப்போதும் −1. இரண்டும் ஒட்டவில்லை, எல்லை இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் சரியாகவே எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது பகுதியில் sin(π/x). x பூஜ்ஜியத்தை நெருங்கும்போது எல்லை உண்டா?

கேள்வி அமைத்தவரின் குறிப்பு உறையில் வரவில்லை. முதல் நாள் காலையில் ஷைலாவே உட்கார்ந்து எழுதினாள். வெளியே திருத்துபவர்கள் காத்திருக்க, கால்குலேட்டரை எடுத்து x-க்கு 0.1 போட்டாள். விடை 0. 0.01 போட்டாள், 0. 0.001 போட்டாள், அதுவும் 0. கழித்தல் குறி வைத்து இடப்பக்கமிருந்தும் பார்த்தாள். அங்கேயும் பூஜ்ஜியமே. முதல் பகுதியில் இரண்டு பக்கமும் ஒட்டவில்லை. இரண்டாவதில் ஒட்டுகிறது. ஒன்று இல்லாததற்கு, ஒன்று இருப்பதற்கு என்று ஜோடியாகக் கேட்டிருக்கிறார்கள் போல என்று மனசுக்குள் ஒரு திருப்தி. எல்லை 0, ஐந்து மதிப்பெண் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

தாளை வைத்துவிட்டுப் போகும்படி சென்னியப்பனிடம் சொன்னாள். அவர் போனதும் படித்தாள்.

பையனோ பெண்ணோ, எண் மட்டும்தான் தெரியும். கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தது. ஆனால் விஷயம் நேராக இருந்தது. முதலில் 1, 1/2, 1/3, 1/4 என்று ஒரு வரிசை. பூஜ்ஜியத்தை நோக்கிப் போகிறது. அதில் எந்த இடத்திலும் sin(π/x) பூஜ்ஜியம். பிறகு 2/5, 2/9, 2/13 என்று இன்னொரு வரிசை. அதுவும் பூஜ்ஜியத்தை நோக்கித்தான் போகிறது. ஆனால் அதில் எந்த இடத்திலும் மதிப்பு 1. ஒரே புள்ளிக்கு இரண்டு வழியில் வந்தால் இரண்டு விடை கிடைக்கிறது. ஆகவே எல்லை கிடையாது.

ஷைலா கால்குலேட்டரை எடுத்தாள். இரண்டை ஒன்பதால் வகுத்துப் போட்டாள். 1. இரண்டைப் பதின்மூன்றால் வகுத்தாள். 1. இது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலா என்று ஒரு பிடிவாதம் வந்து, இரண்டை நானூற்று ஒன்றால் வகுத்துப் போட்டாள். அப்போதும் 1.

அவளுக்குக் காது சூடாகிவிட்டது. 0.1 என்றால் பத்தில் ஒன்று. 0.01 நூறில் ஒன்று. 0.001 ஆயிரத்தில் ஒன்று. தான் போட்டுப் பார்த்தது எல்லாமே அந்த முதல் வரிசைக்குள் இருக்கிற எண்கள்தான். இரண்டு பக்கமும் பார்த்தேன் என்று நினைத்தாளே தவிர, இரண்டு பக்கத்திலும் ஒரே தடத்தில்தான் போயிருக்கிறாள். வகுப்பில் இதைப் பாடமாக நடத்துகிறவள் அவள்.

அரங்கைப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. சென்னியப்பன் அடுத்த தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரியாது. இந்த ஒரு தாளில் சைபர் போட்டால் போதும், விஷயம் இதோடு முடிந்தது. சுவரோரம் கட்டி அடுக்கியிருந்த கட்டுகளுக்குள் இதே மாதிரி எழுதிய எத்தனை பேர் சைபர் வாங்கிக் கிடக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

வெளியே சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. முதல் தடவை தலைமை, அதிலேயே குறிப்பு தப்பு. அடுத்த வருஷம் அவள் பெயரை யாரும் எழுத மாட்டார்கள். சென்னியப்பன் வெள்ளகோவில் வரைக்கும் சிரித்துக்கொண்டே போவார்.

தாளை எடுத்துக்கொண்டு ரங்கராஜ் அறைக்குப் போனாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். அவளைத் தேர்ந்தெடுத்தவர் என்ற வகையில் அவருக்கும் சங்கடம்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே விடை வந்தால் எல்லை உண்டு என்றுதானே தானும் படித்தேன், அதற்கு மேல் என்ன வேண்டும் என்றார்.

"ஒவ்வொரு பக்கமும் எந்த வழியா வந்தாலும் ஒரே விடை வரோணுமுங்க சார். நான் ஒரு வழியத்தான் பாத்தேன்" என்றாள் ஷைலா. "காங்கேயம் பஸ்ல ஏறி, ஸ்டாப்புல நிக்கறப்ப மட்டும் கண்ணு முழிச்சுப் பாத்தா, பஸ்ஸு நின்னுட்டேதான் இருக்குதுன்னு சொல்லுவோமுங்க. நான் பண்ணுனது அதுதானுங்க. இதுல வலப்பக்கத்துக்கே லிமிட் கெடையாது. அப்புறம் இடப்பக்கத்தோட ஒட்டுதான்னு பாக்கறதுக்கு என்னங்க இருக்குது."

ரங்கராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இந்த ஒரு பேப்பருக்கு அஞ்சு மார்க் போட்டு உடுங்க. மத்தது இருக்கறபடி இருக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்ல பாருங்க. எல்லாத்துக்கும் லீவு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஷைலாவுக்கும் ஒரு நிமிஷம் அது நல்ல வழியாகத்தான் பட்டது. பிறகு யோசித்தாள். எல்லை 0 என்றவனுக்கும் ஐந்து, எல்லையே இல்லை என்றவனுக்கும் ஐந்து. ஒரே கேள்விக்கு இரண்டும் எப்படிச் சரியாகும்? அப்புறம் அந்தக் கட்டுகளுக்குள் கிடக்கிறவர்கள்? அவர்கள் தாள் சென்னியப்பன் கையில் சிக்கவில்லை என்பதைத் தவிர என்ன தப்பு செய்தார்கள்?

முடியாது என்றாள். அப்படியானால் காரணம் காட்டி உங்கள் பெயரில் எழுதிக் கொடுக்க வேண்டும், மேலிடத்துக்குப் போகும் என்றார் ரங்கராஜ். எழுதித் தருகிறேன் என்றாள்.

அரங்குக்கு வந்து எழுந்து நின்று சொன்னாள். குறிப்பு தப்பு, எழுதினது நான், கட்டுகளை மறுபடி பிரிக்க வேண்டும். யாரோ பேனாவை மேசையில் போட்ட சத்தம் கேட்டது. பின்வரிசையில் மானசா என்ற இளம் ஆசிரியை செல்போனை எடுத்து, வீட்டுக்கு வர நேரமாகும் என்று மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஷைலா கரும்பலகையில் இரண்டு வரிசையையும் எழுதிக் காட்டினாள். இரண்டு வரிசை காட்டி எல்லை இல்லை என்றவர்களுக்கு முழு மதிப்பெண். π-யைப் பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது, அதனால் எல்லை இல்லை என்று மட்டும் எழுதியவர்களுக்கு ஒன்றுமில்லை. அந்தப் புள்ளியில் மதிப்பு இல்லாவிட்டாலும் எல்லை இருக்கலாம், அது காரணமாகாது.

சென்னியப்பன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"சரீங்க. 0.1, 0.01-ன்னு போட்டு சைபர்னு எழுதுன புள்ளைங்க? கால்குலேட்டரத் தட்டி நீங்க பண்ணுன அதே தப்பத்தான அவங்களும் பண்ணியிருக்கறாங்க. அவங்களுக்கு மட்டும் மார்க்கப் புடுங்கறதுங்களா?"

அவர் குத்திக்காட்டத்தான் கேட்டார். ஆனால் கேள்வி நியாயமானது. ஷைலா கரும்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் வரிசை, இரண்டாவது வரிசை. அந்தப் பிள்ளைகள் எழுதியது அதில் எங்கே இருக்கிறது?

"அவங்க மொத வரிசைய எழுதியிருக்கறாங்க சார்" என்றாள். "இல்லைன்னு நிரூபிக்க ரெண்டு வேணும். அதுல ஒண்ணு அவங்ககிட்ட சரியா இருக்குது. அதுக்கு ரெண்டு மார்க். மீதி மூணு கெடையாதுங்க."

"அதுல பாஸானவன் பெயிலாவானுங்களே."

"சில பேரு ஆவாங்க சார்."

அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

கணவன் டேவிட்சன் காருடன் வாசலுக்கு வந்து செல்போனில் கூப்பிட்டான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காங்கேயத்துக்கு அவன் அம்மா வீட்டுக்கு முன்னாலேயே போகச் சொன்னாள். நேரமாகும், பஸ்ஸில் வருகிறேன் என்றாள். என்ன ஆச்சு என்று கேட்டான். வந்து சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

தான் பச்சை மையில் பார்த்த கட்டிலிருந்து ஆரம்பித்தாள். சென்னியப்பன் தன் கட்டுகளோடு பக்கத்து நாற்காலிக்கு வந்திருந்தார். ஐந்தாறு தாள் தள்ளி, இரண்டாவது பகுதிக்கு நேரே ஒரு சிவப்புச் சைபர். அதன் கீழே பச்சையில் அவள் கையெழுத்து. எல்லை இல்லை என்றுதான் அந்தப் பிள்ளை எழுதியிருந்தது. அன்றைக்குப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

சென்னியப்பன் எட்டிப் பார்த்தார். "இது வேற மாதிரியல்லோ இருக்குது. 2/3, 2/5, 2/7-ன்னு எடுத்திருக்குது. மொதல்ல −1 வருது, அப்புறம் 1, மறுபடி −1. ஒண்ணுலயும் நிக்க மாட்டீங்குதே. இது செல்லுமுங்களா?"

ஷைலா வரிவரியாகப் படித்தாள். "செல்லுமுங்க சார். லிமிட் இருந்திருந்தா, பூஜ்ஜியத்துக்குப் போற எந்த வரிசைல வந்தாலும் அதுலதான் வந்து நிக்கோணும். இந்த வரிசை எங்கயுமே நிக்கல. இதுல ஒண்ணு உட்டு ஒண்ணு எடுத்தீங்கன்னா ரெண்டு வரிசை ஆச்சுங்க. ஒண்ணுல எப்பவும் 1, இன்னொண்ணுல எப்பவும் −1."

அவர் உதடு அசைய மனசுக்குள் போட்டுப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

சைபரை அடித்தாள். பக்கத்தில் ஐந்து போட்டாள். கூட்டுத்தொகையைத் திருத்தினாள். பழைய கையெழுத்துக்குப் பக்கத்திலேயே புதுசாக ஒன்று போட்டாள். ஒரே தாளில் தன் பெயர் இரண்டு தடவை இருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெள்ளகோயில் பஸ்ஸு காங்கேயம் வழியாத்தான் போவுது" என்றார் சென்னியப்பன், தாளிலிருந்து தலையைத் தூக்காமல். "முடிச்சுப்போட்டு ஒண்ணாவே போயர்லாமுங்க, மேடம்."

அவள் சரி என்றாள். அவர் அடுத்த கட்டின் கயிற்றை அவிழ்த்தார்.