கண்ணாயிரத்தின் வாக்குமூலம்

கலியாணசுந்தரத்துக்குப் பட்டு விற்கவும் தெரியும், விற்றதை மறைக்கவும் தெரியும். தை முகூர்த்தத்தில் பில் போடாமல் விற்ற சேலைகளின் பணம் பன்னிரண்டாயிரத்தை மட்டும் பெட்டியில் வைத்துக்கொள்ளாமல் பாங்கியில் கட்டிவிட்டான். கடனுக்கு வாங்கிய நூலுக்கு வட்டி கட்டிக் கட்டி அலுத்துப்போய் நூல்கடைக்காரனுக்குச் செக் கொடுக்கும் ஆசை. ஆசை யாரை விட்டது?

1969இல் வருமான வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. கணக்குப் புத்தகங்களோடும் பாங்கி பாஸ்புக்கோடும் போய் நின்றான்.

"இந்தப் பன்னிரண்டாயிரம் ஏது?" என்றார் ஆபீசர்.

"கைமாத்துங்க. முசரவாக்கம் கண்ணாயிரம் கொடுத்தாரு, நிலம் வச்சிருக்கறவரு." நாள்வழிக் கணக்கில் அப்படித்தான் எழுதியிருந்தான்.

"எழுதிட்டா மட்டும் போதாது. கொடுத்தவர் யாரு, அவர்கிட்ட அவ்வளவு பணம் இருந்துதா, நிஜமாவே கொடுத்தாரா, மூணையும் நீங்கதான் காட்டணும். அவர் கையெழுத்துப் போட்ட கடிதமும் நிலத்துச் சிட்டாவும் கொண்டாங்க. இல்லேன்னா இது உங்க வருமானம்."

அதற்கு வரி ஒரு பக்கம். மறைத்த தொகைக்குக் குறையாத அபராதம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால் கடையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான்.

தூரத்து உறவில் மாமாவான கண்ணாயிரத்தை அவன் சும்மா பிடிக்கவில்லை. ஏரிப் பாசன நிலம் நாலு ஏக்கர், பிள்ளைகுட்டி கிடையாது, விவசாய வருமானத்துக்கு வரியும் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, மனுஷர் செத்து இரண்டு வருஷமாகிறது. பட்டாவை யாரும் மாற்றிக்கொள்ளாததால் சிட்டா இன்னும் அவர் பெயரிலேயே வந்தது. பழைய ரசீது ஒன்றில் இருந்த கையெழுத்தைப் பார்த்து, உயிரோடிருப்பவர் எழுதியதுபோல் அந்த வாரத் தேதியிட்டு ஒரு கடிதம் தயார் செய்தான். செத்தவன் வந்து இல்லையென்றா சொல்லப்போகிறான்? அவருக்கு வாய்க்கரிசி போட்டவர்களில் இவனும் ஒருவன். அந்தக் கையால்தான் கையெழுத்தையும் போட்டான்.

கடிதத்தையும் சிட்டாவையும் கொடுத்த பத்தாம் நாள் மறுபடி கூப்பிட்டார்கள்.

"கண்ணாயிரத்துக்குச் சம்மன் அனுப்பியிருந்தேன். நேத்து வந்து வாக்குமூலம் கொடுத்துட்டுப் போனாரு" என்றார் ஆபீசர், மின்விசிறிக்குப் பறக்காமல் காகிதங்களை அழுத்திக்கொண்டு.

செத்தவர் எப்படி வருவார்? யாரோ ஆள்மாறாட்டம் செய்திருக்கிறான் என்று கலியாணசுந்தரம் மனசைத் தேற்றிக்கொண்டான்.

"எப்படி இருந்தாருங்க?"

ஃபைல் கொண்டுவந்த பியூன் வீராசாமி குறுக்கே புகுந்தான். "பாவம்பா, பல்வலி போல. தாவாக்கட்டையிலேர்ந்து உச்சந்தலை வரைக்கும் துணி கட்டிக்கினு இருந்தாரு. பேசணும்னு அதை அவுத்தாரு பாரு, வாயிலேர்ந்து பொலபொலன்னு அரிசி கொட்டுது. நடையும் சரியில்ல. ரெண்டு கட்டைவிரலையும் சேத்துக் கட்டினாப்பல குதிச்சு குதிச்சு வந்தாரு. நெத்தியில வட்டமா ஒரு தழும்பு வேற இருந்துது."

அந்த நெற்றியில் கால் ரூபாய்க் காசை ஒட்டியபோது கலியாணசுந்தரம் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

ஆபீசர் வாக்குமூலத்தின் நகலை நீட்டினார். 'நான் யாருக்கும் பன்னிரண்டாயிரம் கொடுக்கவில்லை. அவ்வளவு பணத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. கடிதத்தில் இருப்பது என் கையெழுத்தில்லை.' கீழே கையெழுத்து. ரசீதில் இருந்ததேதான். காகித மடிப்பில் பச்சரிசி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவர் பொய் சொல்றார்னா நீங்க அவரைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அது உங்க உரிமை. அதுக்குத்தான் இன்னிக்கும் வரச் சொன்னேன். வராந்தா பெஞ்சியில உக்காந்திருக்காரு, கூப்பிடட்டுமா?"

வந்தவர் செத்தவர் என்றால், கடிதம் கொடுத்தவன் கள்ளன். உயிரோடிருக்கிறவர் என்றால், பணம் கொடுக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் போனாலும் குழி, அந்தப் பக்கம் போனாலும் குழி. ஆனால் அந்த நேரத்தில் அவனுக்குச் சட்டமும் தோன்றவில்லை, கடையும் தோன்றவில்லை. கதவுக்கு அப்பால் பெஞ்சு கிறீச்சிட்டது. சிமெண்டுத் தரையில் தொப், தொப் என்று குதிக்கும் சத்தம் கிட்டே வந்தது.

"கூப்பிடாதீங்க!" என்று அலறினான். "என் பணம்தாங்க! பில் போடாம வித்த சேலைங்க. கடுதாசி நான் எழுதினது!"

சத்தம் நின்றது.

ஆபீசர் நிதானமாக எழுதினார். விற்ற தேதி, சேலைகளின் எண்ணிக்கை, விலை, எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினார். அபராதத்துக்குத் தனி நோட்டீஸ் வரும், பொய்க் கடிதம் கொடுத்ததற்கு மேலிடம் என்ன செய்யுமோ தெரியாது என்றார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டி, கடையே கைவிட்டுப் போகப் போகிறது என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்தபோது பெஞ்சைப் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே நடந்தான். படியிறங்கும்போது பின்னாலிருந்து, வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது.

"கலியாணம், இப்பவாச்சும் என்னைப் படுக்க வுடுவியாப்பா?"

"படுத்துக்கோங்க மாமா" என்றான், திரும்பாமலே. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.