காப்பு நிதியில் அவர் பங்கு

ஆவடியில் எங்கள் தொழிற்சாலை ஊழியர் சிக்கன நாணயச் சங்கத்தின் ஆண்டுப் பேரவைக்கு ஆட்கள் வருவது தலைவரான என் பேச்சைக் கேட்க அல்ல, வாசலில் கொடுக்கும் டிபன் கேரியருக்கு. அது எனக்கும் தெரியும். இந்த முறை மட்டும் முதல் வரிசையில் ஒருவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞானம்மாள். கேன்டீனில் வேலை, அடுத்த மாதம் ஓய்வு. கணவர் செங்கல்வராயன் பணியிலிருக்கும்போதே இறந்ததால் கிடைத்த வேலை அது.

முந்தின வாரம் சங்க அலுவலகத்துக்கு வந்திருந்தார். “குவாட்டர்ஸ காலி பண்ணிகினு போறேன் சார். அவரோடது எதுனா இங்க மிச்சம் கீதா?”

பங்குத்தொகையை அப்போதே கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டோம் என்றேன். தலையாட்டினார், ஆனால் போகாமல் நின்றார். ஞானம்மாள் கேட்டது பணத்தை அல்ல என்பது இந்த மரமண்டைக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

மைக்கைப் பிடித்தேன். “லாபத்துல அஞ்சுல ஒரு பங்காவது காப்பு நிதிக்கு, அதாவது சங்கத்தோட சேமிப்புக்கு, போயே ஆகணும், அது சட்டம். மத்த நிதிக்கெல்லாம் ஒதுக்கினது போகத்தான் பங்கு ஈவு. அதுவும் நீங்க போட்ட பங்குத்தொகைக்குத்தான். நிர்வாகக் குழு பத்து சதவீதம் சொல்லுது. மீதியும் காப்பு நிதிக்கே.”

“சட்டப்படி பதினாலு சதவீதம் வரைக்கும் குடுக்கலாம்ல? குடுத்துட்டுப் போ தலைவரே,” என்றான் பின்வரிசை கோகுல்நாத். கைதட்டல் எழுந்தது.

“குடுக்கலாம். அப்புறம் உனக்குக் கடன் குடுக்க நான் மத்தியக் கூட்டுறவு வங்கியில வட்டிக்கு வாங்கணும். அந்த வட்டி உன் தலையிலதான் விடியும். தயிர வழிச்சுத் தின்னுட்டு, உறைக்குப் பக்கத்து ஊட்டுக் கதவைத் தட்டுற மாதிரி.”

ஞானம்மாள் எழுந்தார். “காப்பு நிதி யாருது சார்?”

“சங்கத்தோடதும்மா. விலகிப் போறவங்களுக்குப் போட்ட பங்குத்தொகை கிடைக்கும். காப்பு நிதிய மட்டும் யாருக்கும் பிரிச்சுத் தரமாட்டோம். அது இங்கயேதான் இருக்கும்.”

“அவரு இருந்தப்போ எடுத்து வச்சதுமா?”

“ஆமாம்மா. அவரு கட்டின வட்டியிலயும் லாபம் வந்துச்சே. அதுல ஒதுக்குனது பேர் போட்டுத் தனியா இல்ல, ஆனா இதுக்குள்ளதான் இருக்கு.”

“நான் போனா என்னுது?”

“அதுவும் இதுலதான்.”

“ரெண்டும் ஒண்ணாவா?”

“ஒண்ணாத்தாம்மா. இனிமே யாராலயும் பிரிக்க முடியாது.”

“அப்போ பத்தே போதும் சார். மீதிய அங்க போடுங்க. அவரு போனதுலேர்ந்து ஒண்டியாத்தான் கீறேன். ஒரு எடத்துலயாவது கூட இருந்துட்டுப் போறேன்.”

கோகுல்நாத் தலையைக் குனிந்துகொண்டான். தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டேன். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எண்ணி முடித்து, நிறைவேறியது என்று அறிவித்து, எல்லோரும் டிபன் கேரியர் வாங்க எழுந்த பிறகும் ஞானம்மாள் கையை இறக்கவில்லை.