சுவர் வழியே கேட்ட படங்கள்

"டேய், பயமா இருக்கணும், ஆனா ரத்தம் இருக்கக் கூடாது. அப்படி ஒரு பேய்ப்படம் இருக்கா?" என்று அக்கா போனில் கேட்டாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. நான் யோசித்து முடிக்கும்வரை காத்திருப்பார்கள். அக்காவுக்கு அறுபத்தொரு வயது. வாழ்நாளில் ஒரு பேய்ப்படம் பார்த்ததில்லை. அத்தானோ பேய்ப்படம் தவிர வேறெதுவும் பார்த்ததில்லை.

அத்தான் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். வாரம் முழுக்கச் சாலையில் இருப்பார். ஞாயிறு மதியம் மட்டும் அவருக்குச் சொந்தம். பின்னறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு படம் போடுவார். பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் நான். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தைத்துக்கொண்டிருப்பாள். இருபத்தாறு வருடங்கள் இப்படியே போயின. ஒவ்வொரு ஞாயிறும் அத்தான் ஒருமுறை கூப்பிடுவார்: "வாயேன், இன்னிக்கு சாதுவான பேய்தான்." அக்கா பதிலுக்கு மிஷினை இன்னும் வேகமாக ஓட்டுவாள்.

அத்தான் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

"சனிக்கிழமை என் மக வண்டியோட வர்றா. அந்த அலமாரியில இருக்கிற படத்தையெல்லாம் எடுத்துட்டுப் போய் யாருக்கோ குடுக்கப் போறாளாம். நான்தான் சரின்னேன்" என்றாள் அக்கா. பிறகு குரல் இறங்கியது. "ஒரே ஒரு படம் அவர் நாற்காலியில உக்காந்து முழுசா பாத்துட்டேன்னா, அலமாரி இங்கயே இருக்கட்டும். முடியலைன்னா போகட்டும். அவ்வளவு கூப்பிட்டும் போகாதவளுக்கு அதுல என்ன பாத்தியதை?"

வியாழன் மதியம் போனேன். வேண்டுமென்றே மதியம். முதல்முறை பார்ப்பவர்களுக்கு வெளிச்சம் வேண்டும், திரைச்சீலை திறந்திருக்க வேண்டும், தெருவில் காய்கறிக்காரன் கூவுவது காதில் விழ வேண்டும்.

பின்னறையில் எதுவும் மாறவில்லை. அத்தானின் கண்ணாடிக் கூடு, அவர் முதுகு அழுத்தி நிறம் போன நாற்காலித் துணி. பழைய டிவிடி உறைகளின் பிளாஸ்டிக் வாசனை. அதை மோந்ததும் எனக்கு வயது குறைந்ததுபோல் இருந்தது. தரையில் உட்கார்ந்து இருநூறு படங்களையும் பிரிக்கத் தொடங்கினேன்.

உறையில் கத்தி, ரம்பம், கொக்கி என்று ஏதாவது ஆயுதம் இருந்தால் அது வேண்டாம். பேய் பிடித்த பெண் கட்டிலில் உடம்பை முறுக்குகிற வகையும் வேண்டாம். அதில் ரத்தம் குறைவாக இருந்தாலும் வாந்தி இருக்கும். தணிக்கைச் சான்றிதழை மட்டும் நம்ப முடியாது. குழந்தைகளும் பார்க்கலாம் என்று போட்ட சில படங்கள் பெரியவர்களையே விளக்கு அணைக்க விடாது. பாதிப் படங்கள் அப்படியே கழிந்தன. பழைய வீடு, மூடிய அறை, காணாமல் போன கடிதம் என்று மெதுவாக நகரும் படங்கள் மிஞ்சின. அவற்றிலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற படங்களைத் தனியாக வைத்தேன். கறுப்பு வெள்ளைக்குக் கூடுதல் சலுகை. அதில் ரத்தம்கூட நிழல் மாதிரிதான் தெரியும்.

"அக்கா, ரத்தம் தவிர வேற என்ன ஆகாது? குழந்தைக்கு ஆபத்து வந்தா தாங்குவியா?"

"குழந்தை பிழைச்சிடுமா?"

"பிழைச்சிடும்."

"அப்போ பரவாயில்ல. வாயில்லா ஜீவனை ஒண்ணும் பண்ணக் கூடாது."

"திடீர்னு தூக்கிப் போடுற இடங்க?"

"எத்தனை?"

"ரெண்டு மூணு."

"அதுக்கு மேல வந்தா உன்னைத் தூக்கிப் போட்டுருவேன்."

நல்ல கேள்விகள்தான் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பேய்ப்படத்தில் மூன்று பயம் உண்டு. அருவருப்பு ஒன்று. அதிர்ச்சி ஒன்று. என்னவோ நடக்கப்போகிறது என்று காத்திருப்பது மூன்றாவது. புதியவருக்கு மூன்றாவதை நிறையக் கொடுக்கலாம், இரண்டாவதை எண்ணிக் கொடுக்கவேண்டும், முதலாவது அறவே கூடாது.

தேர்ந்தெடுத்த படத்தை நீட்டினேன். உறையைப் பார்க்காமலே கேட்டாள்: "கதை என்ன?"

"மலையில ஒரு வீடு. காவலுக்கு ஒரு வயசான ஆளும் நாயும்…"

"வேணாம். அந்த நாய் விடிய விடிய ஊளையிடும். ஒரு பாவாடை முழுக்கத் தைச்சு முடிக்கிற வரைக்கும் ஊளையிட்டுச்சு."

அடுத்ததை எடுத்தேன். தீவில் ஒரு மருத்துவர். "அலை சத்தமும் ஒருத்தன் இருமுறதும்தானே? அவன் இருமல் எனக்கு ஒரு வாரம் இருந்துச்சு."

நான் கையில் படத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு பேய்ப்படமும் பார்க்காதவள் என்று நாங்கள் நினைத்தவள் எல்லாப் படத்தையும் கேட்டிருக்கிறாள். அலமாரியை அவள் காதாலேயே மனப்பாடம் செய்திருந்தாள்.

"எதை அதிகமா கேட்டிருக்க?"

"அந்த மணிப் படம். மழை வந்தா உங்க அத்தான் அதைத்தான் போடுவாரு. பத்து தடவையாவது இருக்கும்."

அது இருக்கிற படங்களிலேயே சாதுவானது. கறுப்பு வெள்ளை. எண்பத்திரண்டு நிமிடம். ஒரு இசை ஆசிரியை ஒரு பெரிய வீட்டுக்கு வேலைக்கு வருகிறாள். சமையலறைச் சுவரில் ஒரு பலகை. எந்த அறையிலிருந்து அழைத்தாலும் அதற்குரிய மணி அதில் ஆடும். வீட்டில் ஏழு அறை. பலகையில் எட்டு மணி. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. தூக்கிப்போடும் இடம் இரண்டே இரண்டு. அதுவும் அக்கா காதுக்குப் பழகியது. தெரிந்த அதிர்ச்சி பாதி அதிர்ச்சிதான். ஆகவே முன்கூட்டி எச்சரிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தேன்.

அங்கேதான் தப்பு செய்தேன்.

அக்கா அத்தானின் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். நான் பிரம்பு நாற்காலியில். ஒலியைச் சாதாரண அளவில் வைத்தேன். அரை மணி நேரம் எல்லாம் நன்றாகப் போனது. "இப்போ படிக்கட்டுல நடப்பா பாரு" என்று அவளே சொன்னாள். நடந்தாள். "அடடே, இவளா? இவளை நான் குண்டான பொம்பளைன்னு நினைச்சேன்!"

முப்பத்தொன்றாவது நிமிடம். ஆசிரியை விளக்கோடு சமையலறைக்கு வருகிறாள். எட்டாவது மணி லேசாக ஆடுகிறது. இசை நின்றுபோகிறது. கேமரா அவள் முகத்தருகிலேயே நிற்கிறது. பின்னால் பாதித் திரை காலியாக இருக்கிறது. பழகியவனுக்கு இவ்வளவு போதும், அடுத்து என்ன வரும் என்று தெரியும். அலமாரிக் கதவு படாரென்று திறக்க, வயலின்கள் எல்லாம் சேர்ந்து அலறின.

அக்காவும் அலறினாள். டீ டம்ளர் உருண்டது. நான் எழுவதற்குள் அறையை விட்டுப் போய்விட்டாள். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடத் தொடங்கியது. துணி இல்லாத மிஷினின் வெற்றுச் சத்தம்.

படத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து முறை கேட்ட இடத்தில் ஒருத்தி எப்படி இவ்வளவு அதிர முடியும்? கையில் ரிமோட் இருந்தது. அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாப் பொத்தானிலும் எழுத்து தெளிவாக இருந்தது. ஒலியைக் குறைக்கும் பொத்தானில் மட்டும் எழுத்தே இல்லை. தேய்ந்து, நடுவில் குழிந்திருந்தது.

அத்தானின் கட்டைவிரல் நினைவுக்கு வந்தது. எப்போதும் அந்தப் பொத்தானின் மேல்தான் இருக்கும். அதிர்ச்சி வருவதற்குச் சற்று முன்னால் ஒலியைச் சுத்தமாகக் குறைப்பார், கடந்ததும் ஏற்றுவார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "வளைவு வந்தப்புறம் பிரேக் போடுறவன் டிரைவர் இல்லடா. பின்னாடி தூங்குறவங்க முழிச்சுக்கக் கூடாது" என்றார். சுவரைக் காட்டித்தான் சொன்னார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அவரும் கொஞ்சம் பயந்தவர்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். மிஷின் நின்றது.

"அப்போ அந்த இடத்துல சத்தம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எல்லாப் படத்துலயும்?"

"எல்லாத்துலயும். ஒவ்வொரு இடத்துலயும் குறைச்சாரு."

அவள் மிஷின் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினாள். வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டுப் போனார்கள்.

"நான் அந்த அமைதிக்குத்தான்டா பயந்தேன்" என்றாள். "பேசிக்கிட்டே இருப்பாங்க, திடீர்னு ஒண்ணும் கேக்காது. மிஷினை நிறுத்திட்டு சுவர்ல காதை வச்சுக் கேப்பேன். ஒண்ணுமே கேக்காது. அப்போ என்னென்னமோ தோணும். சத்தம்கூடப் போடமுடியாத அளவுக்கு உள்ள ஏதோ பெருசா நடக்குதுன்னு நினைப்பேன். நீங்க ரெண்டு பேரும் எப்படித்தான் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்கன்னு தோணும்."

பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாவி மனுஷன். நான் பயந்துடக் கூடாதுன்னு இருபத்தாறு வருஷம் பயமுறுத்தியிருக்காரு!"

சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வா. முதல்ல இருந்து போடு."

"சத்தத்தைக் குறைச்சு வைக்கவா?"

"தொட்டா கையை உடைப்பேன். முழுசா வரட்டும். ஆனா வர்றதுக்கு முன்னாடி சொல்லிடு."

அப்படியே செய்தோம். இடம் நெருங்கும்போது நான் விரலை உயர்த்துவேன். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வாள், ஆனால் கண்ணை மூடமாட்டாள். அலமாரிக் கதவு திறந்தபோது லேசாகத் துள்ளினாள், அவ்வளவுதான். இரண்டாவது இடத்தில் நான் விரலைத் தூக்குவதற்கு முன்பே "தெரியும், தெரியும், பாட்டு நின்னுடுச்சு" என்றாள். பாடம் அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.

கடைசியில் சுவரை இடித்து எட்டாவது அறையைத் திறக்கிறார்கள். உள்ளே ஜன்னலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி. அதன் கைக்கு அருகில் மணிக் கயிறு தொங்குகிறது. யாரும் இல்லை. கயிறு மட்டும் இன்னும் லேசாக ஆடுகிறது. படம் முடிகிறது.

"இவ்வளவுதானா?" என்றாள் அக்கா. குரலில் ஏமாற்றம்கூட இருந்தது. "இந்த இடத்துல முகமே இல்லாத ஒருத்தன் நிப்பான்னு இல்ல நினைச்சேன். இத்தனை வருஷமா அவனுக்குப் பயந்து பின்கட்டு விளக்கைப் போட்டே வச்சிருந்தேன்."

திரை கறுப்பானது. அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்த நிறம் போன இடத்தில் அவள் முதுகு பொருந்தவில்லை. அத்தான் அகலமானவர். நாங்கள் இருவரும் அந்த வெற்றுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது ஆள் எழுந்து விளக்கைப் போடுவதற்காகக் காத்திருப்பதுபோல.

"கூப்பிட்டப்பவே வந்திருக்கலாம்" என்றாள் கடைசியாக.

நான் டிவிடியை எடுத்து உறையில் போட்டேன்.

பிறகு போனை எடுத்து மகளை அழைத்தாள். "வண்டி வேணாம்டி. நீ மட்டும் வா." அந்தப் பக்கம் மகள் ஏதோ நீளமாகக் கேட்டாள். "பாத்தேன். முழுசா. உங்க மாமன் சாட்சி. நீயும் ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்து பாரு, சாதுவான பேய்தான்."

போனை வைத்துவிட்டுத் தரையில் நான் பிரித்துப் போட்டிருந்த குவியலைக் காலால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள். மலை வீட்டுப் படம் மேலே இருந்தது.

"அந்த நாய் கடைசியில சாகுமா?"

"சாகாது. அதுதான் எல்லாரையும் காப்பாத்தும்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று அதை எடுத்துத் தொலைக்காட்சியின் மேல் வைத்தாள். ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி, தேய்ந்த பொத்தானைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவி, நாற்காலியின் கைமேல் அத்தான் வைக்கும் இடத்திலேயே வைத்தாள்.