மூன்றாவது சென்சார் மேல் போட்ட பழி

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓட வேண்டிய ரோபோ வண்டி மறுபடியும் அதே வளைவில் கோட்டை விட்டு வெளியே போனது. ஜன்னலோரம் வரும் வளைவு அது. வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்பு நாடாவின் மேல் ஒழுங்காக வந்த வண்டி, கல்யாண வீட்டில் பார்க்க விரும்பாத யாரையோ பார்த்துவிட்ட மாதிரி சட்டென்று திரும்பி, பலகையின் ஓரத்தில் போய் முட்டி நின்றது.

"நத்தை கோவிச்சுக்கிச்சு," என்றான் புரோகிராம் எழுதும் லூப்பு. வண்டிக்கு அவன் வைத்த பெயர் நத்தை.

ரைட்டர் சிரிக்கவில்லை. மூன்று பேர் குழுவில் வாராவாரம் முன்னேற்ற அறிக்கை எழுதுவது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். நான்கு மணிக்கு இந்த வார அறிக்கையை லேப் மேடத்திடம் கொடுக்க வேண்டும். போன வாரம் அவள் எழுதியிருந்தது இது: 'மூன்றாவது சென்சாரில் பற்றவைப்பு தளர்ந்திருந்தது. மீண்டும் பற்றவைத்தோம். சரியாகிவிட்டது.' அதன் கீழே மேடம் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'பற்றவைப்பை நம்ப முடியவில்லை என்றால் அந்த வேலையை அடுத்த குழுவிடம் கொடுத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை முடிவு செய்வோம்.'

பற்றவைப்பவள் ஈயம். சென்சார் பலகையின் ஒவ்வொரு புள்ளியும் அவள் கைவேலை. அதைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டால் அவளுக்குக் குழுவில் வண்டி தூக்குகிற வேலைதான் மிஞ்சும். போன வாரம் பழியைப் போட்டதும் அவள் சென்சார் பலகையைக் கையில் எடுத்தாள். ஐந்து சென்சாரையும் கழற்றி, துடைத்து, திரும்பப் பற்றவைத்தாள். அன்று சாயங்காலம் வண்டி பத்துச் சுற்று ஓடியது. ரைட்டரும் சந்தோஷமாக 'சரியாகிவிட்டது' என்று எழுதிவிட்டாள்.

"மறுபடி மூணாவதுதான்," என்றான் லூப்பு, லேப்டாப் திரையைப் பார்த்து. "நாடா மேல நிக்குது, ஆனா வெள்ளைனு சொல்லுது. ஈயம், தப்பா நினைக்காத, உன் ஜாயின்ட் ஒரு தடவ..."

"ஒரு நிமிஷம் இரு," என்றாள் ஈயம். குரலில் கோபம் இல்லை. "அஞ்சு சென்சார்ல கறுப்பைப் பாக்க வேண்டியது எது?"

"நடுவுல இருக்கறது. மூணாவது."

"மத்த நாலும்?"

"வெள்ளை மேல நிக்கும். வெள்ளைனு சொல்லும்."

"அப்ப அதுங்க கெட்டுப்போய் வெள்ளைனு சொன்னாலும் உனக்குத் தெரியாதுல்ல. வேலை செய்றவன் மேலதான் குத்தம் வரும்."

ஒரு வாரமாக இது ரைட்டரின் புத்தியில் உறைக்கவே இல்லை.

ஈயம் லேப்டாப்பிலிருந்து நீளமான வயரை மாட்டி, ரோபோவைக் கையால் அந்த வளைவுக்குத் தள்ளினாள். "நம்பரைச் சத்தமா வாசி."

"எண்ணூத்தி இருபது. கறுப்பு, சரியாத்தான் இருக்கு."

"ரெண்டு பேரும் தள்ளிப் போங்க."

லேப்டாப்போடு தள்ளிப் போனார்கள். ஈயமும் கையை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"முன்னூத்தி பத்து," என்றான் லூப்பு. பிறகு, "என்னது இது?"

"வண்டிகிட்ட வந்து குனிஞ்சு பாரு."

குனிந்தான். "எண்ணூறு."

"நிமிரு."

"முன்னூறு."

"குனி."

"என்னைத் தோப்புக்கரணம் போட வைக்கிற."

"போடு, நல்லதுதான். இன்னொரு தடவ."

நான்காவது தடவையில் லூப்பு குனிந்தபடியே நின்றுவிட்டான். அவன் தலையின் நிழல் சென்சார் பலகையை முழுக்க மூடியிருந்தது. ஜன்னல் வழியே வந்த வெயில் அவன் முதுகில் விழுந்தது.

"கறுப்புக்கு எவ்வளவு, வெள்ளைக்கு எவ்வளவுன்னு நாம காலிபரேட் பண்றப்ப எப்படி நிப்போம்?" என்று கேட்டாள் ஈயம்.

ரைட்டருக்குக் கண்முன் வந்தது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவர்களைப் போல மூன்று தலைகள் வண்டியின் மேல். அந்த நிழலில் கறுப்பு எண்ணூற்றி இருபது, வெள்ளை தொண்ணூறு. நடுவில் நானூற்றி ஐம்பத்தைந்துக்கு மேலே வந்தால் கறுப்பு என்று லூப்பு எழுதி வைத்திருந்தான். வண்டியை விட்டுவிட்டு எல்லோரும் விலகினால் வெயில். சென்சார் தன் சின்ன விளக்கின் அகச்சிவப்புக் கதிர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கும்; அதிகம் வந்தால் எண் குறையும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர் வெயிலிலும் உண்டு. சென்சாருக்கு அதுவும் வெள்ளையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம்தான். முன்னூற்றிப் பத்து என்றால் வண்டிக்குக் கறுப்பே இல்லை.

"அப்ப அன்னிக்கு சாயங்காலம் ஓடினது..." என்று இழுத்தாள் ரைட்டர்.

"வெயில் போயிருச்சு, ஓடுச்சு. என் ஜாயின்ட் நேத்தும் நல்லாத்தான் இருந்துச்சு, முந்தாநேத்தும் நல்லாத்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டு ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியின் பிளக்கைச் சுவரில் சொருகினாள். சூடாகட்டும் என்று விட்டுவிட்டு, கறுப்பு அட்டையைக் கத்தரித்துச் சென்சார் பலகையைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒட்டினாள். பன்னிரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் தொங்கிய பலகையை நான்குக்கு இறக்கினாள்.

"பாவாடை மட்டும் போதுமா?" என்றான் லூப்பு.

"போதாது. பாதி வெயில் கீழ வழியா வரும். சென்சாரோட விளக்கை அணைச்சு ஒரு தடவ அள, எரிய வெச்சு ஒரு தடவ அள. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கோ. வெயில் ரெண்டுலயும் இருக்கும், கழிஞ்சு போயிடும்."

"விளக்கு எப்பவும் எரியற மாதிரில்ல இருக்கு. நான் எப்படி அணைக்கறது?"

"அதுக்குத்தான் கம்பி சூடாவுது."

"விளக்கோட வயரை நேரா கன்ட்ரோலர் பின்ல குடுத்துடு," என்றான் லூப்பு.

"அஞ்சு விளக்கோட கரன்ட்டையும் ஒரு பின் தாங்காது, செத்துரும். அந்தக் கரன்ட்டைச் சுமக்க நடுவுல ஒரு டிரான்சிஸ்டர் வைக்கணும்."

ரைட்டர் பார்த்துக்கொண்டே நின்றாள். கம்பி நுனி தொட்டது, பற்றவைக்கும் உலோகம் உருகி ஓடியது, எடுத்தபோது ஒவ்வொரு புள்ளியும் சின்ன மலை மாதிரி பளபளவென்று நின்றது. சந்தேகப்படுபவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு இப்படி வேலை செய்ய யாரால் முடியும் என்று ரைட்டருக்குத் தோன்றியது. தன்னால் முடியாது என்று உடனே தெரிந்தது.

லூப்பு புரோகிராமை மாற்றியதும், மூன்றரைக்கு, மூன்று பேரும் சுவரோடு ஒட்டி நிற்க, வண்டி தானே இடமும் வலமும் ஆடிக் காலிபரேட் செய்துகொண்டது. பிறகு வெயில் விழும் வளைவை நாடா பிடித்தபடியே கடந்தது.

ரைட்டர் அறிக்கையை எழுத உட்கார்ந்தாள்.

"போன வாரத்தை எதுக்குக் கிளறணும்?" என்றான் லூப்பு. "பாவாடை போட்டோம், வித்தியாசம் எடுத்தோம்னு எழுது. வேலை முடிஞ்சுது."

"எழுதாட்டியும் பரவாயில்ல," என்றாள் ஈயம், அட்டைத் துண்டுகளைப் பொறுக்கியபடி.

"உனக்குப் பரவாயில்ல. அந்தப் பொய் என் கையெழுத்துல இருக்கு."

ரைட்டர் போன வார வரியின் மேல் ஒற்றைக் கோடு இழுத்தாள்; அடியில் இருப்பதைப் படிக்க முடிய வேண்டும், அதுதான் லேப் வழக்கம். பக்கத்தில் எழுதினாள்: 'பற்றவைப்பில் குறை இருந்ததில்லை. வெயில் இல்லாத நேரத்தில் சோதித்துவிட்டுச் சரியானதாக நான் எழுதியது தவறு. நாங்கள் மூவரும் குனிந்து நின்ற நிழலில் காலிபரேட் செய்ததே காரணம். கண்டுபிடித்ததும் சரிசெய்ததும் ஈயம்.' கையெழுத்துப் போட்டு, நிழலில் வந்தது, வெயிலில் வந்தது என்று இரண்டு வரிசை எண்களையும் கீழே கொடுத்தாள்.

நான்கு மணிக்கு வந்த மேடம் நின்றபடியே படித்தார். எண்களில் விரல் வைத்து இரண்டு தடவை படித்தார். "ஜன்னல் திரையை முழுசா ஒதுக்குங்க. ஒருத்தரும் கிட்ட நிக்காதீங்க."

வண்டி ஐந்து சுற்று ஓடியது. ஆறாவதுக்கு அவரே நிறுத்தினார். சிவப்புப் பேனாவை எடுத்து, தான் எழுதியிருந்த குறிப்பை ஒரே கோட்டில் அடித்துக் கையெழுத்திட்டார்.

"இந்த டிரான்சிஸ்டர் வேலை நல்லா வந்திருக்கு," என்றார் ஈயத்திடம். "அடுத்த குழுவோட வண்டியும் ஜன்னல்கிட்ட வெளிய போகுதாம். அவங்க பலகையையும் நீயே பாத்துக் குடுக்கறியா?"

ஈயம் சால்டரிங் கம்பியைத் தாங்கியில் வைத்தாள். "குடுக்கறேன் மேடம். ஆனா அவங்க ஆள் யாரையும் முதல்ல திட்ட வேணாம்னு சொல்லிடுங்க."