ஆந்தை எப்ப வரும்?

பெனோவுக்கு ஐந்து நிமிடம் பேசுவதில் சிரமமே இல்லை. சொல்லப்போனால் ஐந்து நிமிடத்தில் முடிப்பதுதான் சிரமம். மூன்று வருட ஆராய்ச்சி, இரண்டு போக நெல், தாமிரபரணிப் பாசனத்தில் இருபது வயல், அத்தனையிலும் அவன் வரப்பில் வழுக்கி விழுந்த இடங்கள் என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் நடக்கவிருந்த வேளாண் கருத்தரங்கில் அவன் ஒரு சுவரொட்டி வைக்க வேண்டும். அதன் முன்னால் நின்று, போகிற வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். நிற்கிற நேரத்தைப் பார்த்து முப்பது நொடி, இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம் என்று மூன்று விதமாகத் தயார் செய்துகொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

பெனோ ஐந்து நிமிட உரையை முதலில் எழுதினான். அதில் சில வரிகளை அடித்து இரண்டு நிமிடமாக்கினான். மிச்சத்தை வேகமாகச் சொன்னால் முப்பது நொடி என்று கணக்குப் போட்டான். கருத்தரங்குக்கு முந்தின நாள் மதியம், ஆய்வுக்கூடத்தில் உடன் படிக்கும் முஃபீதாவை எதிரே உட்கார வைத்து ஒத்திகை தொடங்கினான். அவள் கைப்பேசியில் நேரத்தைத் தட்டிவிட்டாள்.

"வணக்கம். நெல் உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் ஒன்று. தமிழகத்தில் நெல் சாகுபடி தொன்மையானது. நெல்லைத் தாக்கும் உயிரினங்களில் கொறிவிலங்குகள்..."

முப்பது நொடி முடிந்ததென்று கைப்பேசி கூவியது.

"ஏ பெனோ," என்றாள் முஃபீதா. "ஆந்தை எப்ப வரும்?"

"வரும்லா. இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"நான் போயிட்டேனே. வடை திங்கப் போயிட்டேன். ஒனக்கு ஆந்தை வர்றதுக்குள்ள அங்கன வடை தீந்துரும்."

பெனோவுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. தன்னுடைய ஆராய்ச்சியை அரை நிமிடத்தில் அடக்குவது யானையைப் பிடித்து டிபன் பாக்ஸில் வைப்பது போல என்றான். முஃபீதா அசரவில்லை.

"யானை வேண்டாம். நீ என்ன கேட்ட, என்ன கண்டுபிடிச்ச, அதனால வெவசாயி என்ன செய்யணும். இந்த மூணைச் சொல்லு. போதும்."

"வயல்ல டீ எழுத்து மாதிரி குச்சி நட்டா, ஆந்தை வந்து உக்காந்து எலியைப் பிடிக்கும்னு சொல்லுதாங்க. அது நெசமான்னு பாத்தேன்."

"சரி. நெசமா?"

பெனோ மேசையில் விரித்திருந்த சுவரொட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

சுவரொட்டியின் தலைப்பு 'எலிக் கட்டுப்பாட்டில் ஆந்தை இருக்கைகளின் செயல்திறன்'. படிக்கிறவர்கள் செயல்திறன் இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான். ஆனால் மூன்றாவது வரைபடத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. பயிர் அடர்ந்த பிறகு, குச்சி நட்ட வயலுக்கும் நடாத வயலுக்கும் வித்தியாசம் இல்லை.

"அது... மொத ஆறு வாரம் நெசம்," என்றான். "பயிர் மூடுனதுக்கு அப்புறம் பொய். எலி உள்ள ஓடுதது ஆந்தைக்குத் தெரியாதுல்லா."

முஃபீதா ஐந்து நிமிட உரை எழுதிய தாளைப் புரட்டினாள். "இதை ஏன் ஐஞ்சு நிமிசத்துல சொல்லவே இல்ல?"

சொல்லத்தான் செய்திருந்தான். நாலாவது நிமிடத்தில், மண் வகைக்கும் மழை அளவுக்கும் நடுவே, மூச்சு விடாமல். பாதி தோற்றுப்போன விஷயத்தைப் பாயில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் சுற்ற ஐந்து நிமிடம் தாராளம். முப்பது நொடியில் மறைக்க இடமில்லை. மூன்று வருடமாகத் தன் ஆராய்ச்சியிலேயே ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்த கெட்டிக்காரன் தான்தான் என்று பெனோவுக்கு அப்போது உறைத்தது.

இருவரும் மறுபடி எழுதினார்கள். இந்தத் தடவை சின்னதிலிருந்து தொடங்கினார்கள். முப்பது நொடியில் கேள்வி, விடை, பலன். இரண்டு நிமிடத்துக்கு அதே பேச்சோடு, எலியை எப்படி எண்ணினான் என்பது சேர்ந்தது. வளைகளையெல்லாம் மண்ணால் அடைத்துவிட்டு, மறுநாள் எத்தனை திறந்திருக்கிறது என்று பார்ப்பது. கூடவே ஒரே ஒரு வரைபடம். ஐந்து நிமிடத்துக்கு வயல்களைத் தேர்ந்த விதமும், ஆந்தை கக்கிய உருண்டைகளில் கிடைத்த எலி எலும்பும், இந்த ஆய்வால் சொல்ல முடியாதவையும். உலகின் முக்கிய உணவுப் பயிர் மூன்றிலிருந்தும் வெளியேறியது. தலைப்பை மாற்ற நேரமில்லை, அச்சடித்தாயிற்று.

மறுநாள் தேநீர் இடைவேளையில் கூட்டம் வந்தது. முதலில் வந்த பேராசிரியரிடம் பெனோ "வயல்ல குச்சி நட்டா..." என்று ஆரம்பிப்பதற்குள், அவர் "நன்று, நன்று" என்று காப்பி பக்கம் நகர்ந்துவிட்டார். முப்பது நொடிக்கும் கீழே ஒரு அளவு உண்டென்று யாரும் சொல்லித் தரவில்லை.

அடுத்து வந்தவர் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். பெனோவுக்கு உள்ளுக்குள் பூரிப்பு. இரண்டு நிமிடம் முடிந்தும் அவர் நிற்கவே, ஐந்து நிமிடத்தையும் அவிழ்த்துவிட்டான். உருண்டை இருந்த கண்ணாடிக் குப்பியைக் கையில் கொடுத்தான். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுப் பணிவாகத் திருப்பித் தந்தார்.

"முடிஞ்சிட்டா தம்பி? இந்த போர்டுக்குப் பின்னாலதான் ஃபேன் சுவிட்சு இருக்கு. நீங்க பேசுதியளேன்னு நின்னேன்."

பக்கத்துச் சுவரொட்டிப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். ஃபேன் சுற்றத் தொடங்கியது. நிற்கிறவர் யார், எதற்கு நிற்கிறார் என்று முதலில் கேட்டிருக்கலாம் என்று பெனோவுக்குக் காலம் கடந்து தோன்றியது.

நடுவர் ஞானசௌந்தரி வந்தபோது அவனிடம் வீரம் ஒன்றும் மிச்சமில்லை. சேரன்மகாதேவி பக்கத்து வேளாண் அதிகாரி அவர் என்று சேலையில் குத்திய அட்டை சொன்னது.

"அம்மா, நீங்க எதைத் தெரிஞ்சுக்கிட நினைக்கிய?" என்று கேட்டான்.

"மொதல்ல என்ன கண்டியன்னு சொல்லுங்க."

"குச்சி நட்டா மொத ஆறு வாரத்துல எலி வளை ஏறக்கொறைய பாதியாக் குறையுது. பயிர் மூடுனதுக்கு அப்புறம் ஒரு பலனும் இல்ல. அதனால நடவோட குச்சியை நட்டுரணும். அப்புறம் வேற வழி பாக்கணும்."

அவ்வளவுதான். அவன் நிறுத்திவிட்டான்.

"தலைப்பு வேற மாதிரில்லா சொல்லுது?"

"தலைப்பு தப்பும்மா. நேத்துத்தான் தெரிஞ்சுது."

அவர் சிரிக்கவில்லை, கிட்டே வந்தார். "பலன் இல்லன்னு எப்படிச் சொல்லுதிய?" என்றார். பெனோ வரைபடத்தைக் காட்டினான். "ஆந்தைதான் வந்துச்சா, பகல்ல கரிச்சான் குருவி உக்காந்துட்டுப் போச்சா?" என்றார். குப்பியைக் கொடுத்தான். "நீண்ட நாள் சம்பா நெல்லுலயும் இப்படியேதானா?" என்றார். "தெரியாதும்மா, அதைப் பாக்கல" என்றான். மனப்பாடம் செய்திருந்த வரிசை எங்கேயோ போய்விட்டது. அவர் கேட்டதற்குச் சொன்னான், கேட்காததை விட்டான். ஐந்து நிமிடம் போனதே தெரியவில்லை.

பரிசு வாழைநார் ஆராய்ச்சிக்குப் போனது. பெனோ கைதட்டினான், மனசாரத்தான், கொஞ்சம் தாமதமாக.

சாயங்காலம் தன் வழிகாட்டி சிவசங்கரன் அறைக்குப் போய், ஆய்வேட்டின் தலைப்பை மாற்ற வேண்டும் என்றான். ஏன் என்று கேட்டார். பெனோ சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏலே, இதைத்தானே ஒரு வருசமா ஒங்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தேன்? நீ ஒவ்வொரு தடவையும் மழை அளவைப் பத்திப் பேசிட்டுப் போயிருத."

பெனோ தலையைச் சொறிந்தான். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு, பைய ஆரம்பிப்போம்" என்றார்.