சுவருக்குப் பின்னால் ஒரு மூக்கு

எங்கள் போன் விளையாட்டின் ஏழாவது லெவலில் சுவரே இல்லை என்றார் சோதித்துப் பார்க்கும் அண்ணன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. லெவல் வரையும் எடிட்டர் மென்பொருளில் அதைக் கட்டம் கட்டமாக வரைந்தவள் நான்.

"கண்ணு தெரியலையா? செங்கல் செங்கலா நிக்குதே."

"நிக்குது. ஆனா நம்ம முயல் அதுக்குள்ள பூந்து போகுது, பாரு" என்று போனை நீட்டினார்.

மோதினால் தடுக்கும் லேயரில் வரைய வேண்டிய சுவரை, வெறும் அழகுக்கான பின்னணி லேயரில் வரைந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய வினை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று, அங்கே எங்கள் முதலாளியின் முகத்தை வரைந்து வைத்திருந்தேன். செங்கல் மூக்கு, தங்கக்காசுப் பற்கள். அதை மட்டும் சரியாகத் தடுக்கும் லேயரில்.

முயல் அந்த மூக்கில் முட்டி நின்றபோது முதலாளியே எங்கள் பின்னால் நின்றிருந்தார். அவர் போனை வாங்கி, பற்களை ஒன்றுவிடாமல் பொறுக்கினார். மூக்கைத் தாண்ட மூன்று முறை குதித்து, மூன்று முறையும் விழுந்தார்.

"சுவர் அப்படியே இருக்கட்டும்மா. ரகசிய அறைன்னு வச்சுக்கலாம்" என்றார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"மூக்குல மட்டும் ரெண்டு வரிசை செங்கலை எடுத்துடு. முயலுக்காகத்தான் சொல்றேன்."